பிழிய முடியாத துணி

எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தண்ணீர் வந்த நேரம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அத்தையின் நூல்புடவையை வாஷிங் மெஷினில் போட்டால் நைந்துவிடும் என்பது அத்தையின் தீர்ப்பு. கையால்தான் துவைக்க வேண்டும். அலசிவிட்டு முறுக்கிப் பிழிந்தபோது வலது மணிக்கட்டில் சுளீரென்று ஒரு வலி. பிசகிவிட்டது என்று நினைத்து, பாதி பிழிந்தும் பிழியாமலும் கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

மாலை நான்கு மணிக்குக் குளிர் எடுத்தது. ஏழு மணிக்குக் காய்ச்சல் 103. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி ஊன்றிய பாதம் என்னுடையதாக இல்லை. கணுக்கால் இரண்டும் யாரோ இறுக்கிக் கட்டிவைத்ததுபோல விறைத்திருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, கழிப்பறை வரை பத்தடி தூரம் போக எத்தனை நேரம் ஆனது என்று நினைவில்லை. போய்ச் சேர்ந்தபின் கதவின் தாழ்ப்பாளைத் திருப்ப விரலில் வலுவில்லை. நாற்பத்து நான்கு வயதில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காய்ச்சல் நான்கு நாள் இருந்தது. இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. ஆனாலும் மருத்துவர் பாராசிட்டமால் தவிர வேறு எந்த வலி மாத்திரையும் கூடாது என்றார். 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே கொசுவின் சரக்கு. முதல் நாட்களில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது. டெங்குவாக இருந்து, ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ போட்டால் ரத்தக்கசிவு கூடும். அது உறுதியாக விலகும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நாள் கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு வந்தது. ஏழாம் நாள் எடுத்த ரத்தத்தில் சிக்குன்குனியாவுக்கான ஐஜிஎம் எதிர்ப்புப் புரதம் இருப்பதாக அறிக்கை வந்தபோது காய்ச்சல் விட்டு மூன்று நாளாகியிருந்தது.

எங்கள் வீட்டில் நோய் அன்றோடு முடிந்துவிட்டது. தெர்மாமீட்டர் 98 காட்டியது. அறிக்கையும் கையில் இருந்தது. இனி ரசம் சாதம் போதும், எழுந்து நடமாடு என்றார்கள். எனக்கு உண்மையில் அன்றுதான் தொடங்கியது. காய்ச்சல் இருந்தவரை எல்லோரும் நம்பினார்கள், தொட்டுப் பார்த்தால் சுட்டது. வலியைத் தொட்டுப் பார்க்க முடியாது. "காய்ச்சல்தான் விட்டுடுச்சேம்மா, இன்னும் என்ன?" என்றார் அத்தை. அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் போய்விட்டது, இன்னும் என்ன?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் முதலில் கிடைத்தது ஒரு சொல். 2006இல் நம் ஊர்களில் இந்தக் காய்ச்சல் பரவியபோது, அந்த ஓராண்டில் இந்தியா முழுக்க ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசு கணக்கிட்டது. அப்போது 'சிக்கன் குனியா' என்று காதில் விழுந்த பெயரால் கோழிக்கறியை நிறுத்தியவர்கள் பலர். கோழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தான்சானியாவின் தெற்கே மகோண்டே மக்கள் பேசும் மொழியிலிருந்து வந்த பெயர் இது. வளைந்து முறுக்கிக்கொள்ளுதல் என்று பொருள். 1952-53இல் அந்தப் பீடபூமியில் நோய் பரவியதைக் கண்ட மரியன் ராபின்சன் என்ற மருத்துவர் 1955இல் அதைப் பற்றி எழுதியபோது, அந்த மக்கள் வைத்திருந்த பெயரே நோய்க்கும் நிலைத்தது. கிருமியைப் பார்த்து வைத்த பெயரில்லை. காய்ச்சலைப் பார்த்து வைத்ததும் இல்லை. நோயாளி நடக்கும் கோலத்தைப் பார்த்து வைத்த பெயர். தமிழ் இலக்கணம் படித்தவளுக்குக் 'குனியா' என்றதும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் நினைவுக்கு வரும். குனியாத என்று பொருள் சொல்லலாம். நான் குனிந்தபடியேதான் நடந்தேன்.

இனி உள்ளே நடப்பது. கொசு கடித்து மூன்றிலிருந்து ஏழு நாளில் வைரஸ் ரத்தத்தில் பெருகிவிடுகிறது. அது விரும்பிக் குடியேறும் இடம், நம் உடலின் பாகங்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் நார்த்திசுவின் செல்கள். மூட்டைச் சுற்றியுள்ள உறை, அதன் உள்பக்கம் ஈரமாக இருக்கும் மெல்லிய சவ்வு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், அந்த நாண் வழுக்கி ஓடுவதற்கான குழல் போன்ற உறை, இவையெல்லாம் அந்தத் திசுதான். மணிக்கட்டில் மட்டும் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி விரல்களுக்குப் போகும் நாண்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. கணுக்காலும் பாதமும் அப்படியே. சவ்வும் உறையும் அதிகம் உள்ள இடங்கள் என்பதால்தான் இடுப்பையோ தோளையோ விட மணிக்கட்டு, விரல், கணுக்கால், பாதம் என்று இரண்டு பக்கமும் ஒரேபோல வலி பிடிக்கிறது.

பொதுவாக ஒரு வாரத்துக்குள் உடல் வைரஸை ரத்தத்திலிருந்து துரத்திவிடுகிறது. காய்ச்சலும் அதோடு போகிறது. ஆனால் துரத்துவதற்காக மூட்டுச் சவ்வுக்குள் திரண்டு வந்த வெள்ளையணுக்கள் அதே வேகத்தில் திரும்பிப் போவதில்லை. அவை வெளியிடும் வேதிப்பொருட்கள் சவ்வை வீங்க வைக்கின்றன, புதிய அணுக்களை மேலும் அழைக்கின்றன, வலியைக் கடத்தும் நரம்பு முனைகளைச் சிறு அசைவுக்கும் துடிக்கும்படி கூராக்குகின்றன. இதைத்தான் அழற்சி என்கிறோம். எலிகளில் செய்த ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. நோய் எதிர்ப்பில் மற்ற அணுக்களுக்குக் கட்டளையிடும் ஒருவகை வெள்ளையணுக்கள் உண்டு. அவை இல்லாத எலிகளுக்கு வைரஸ் வந்தது, ஆனால் மூட்டு வீக்கம் பெரும்பாலும் வரவில்லை. கிருமி நேரடியாகச் செய்யும் சேதத்தை விட, அதை எதிர்த்து உடல் நடத்தும் போரின் பங்கு பெரிது என்று இதிலிருந்து தெரிகிறது.

அந்தப் போர் ஏன் மாதக்கணக்கில் ஓயவில்லை என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2005-06இல் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் நோய் பரவியபின் நடந்த ஆய்வில், பதினெட்டு மாதமாக வலியோடு இருந்த ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில், கிருமிகளை விழுங்கும் செல்களுக்குள், வைரஸின் மரபுப்பொருளும் புரதமும் தென்பட்டன. கொலம்பியாவில் ஏறத்தாழ இரண்டாண்டு வலியில் இருந்த 38 பேரின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தபோது ஒருவரிடத்திலும் வைரஸ் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இது: சிலருக்குச் செத்த வைரஸின் மிச்சம் சவ்வில் தங்கி, எதிர்ப்பைத் தூண்டிக்கொண்டே இருக்கலாம். பலருக்கு மிச்சம் ஏதுமில்லாமலே எதிர்ப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். எப்படியானாலும் மாதங்கள் கழித்து வலிக்கும் மூட்டில், ரத்தத்தின் வழியாக இன்னொருவருக்குப் பரவும் உயிருள்ள நோய் இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவதும் அரிது. மழைநாளில் வலி திரும்பும்போது "மறுபடி சிக்குன்குனியா வந்துடுச்சு" என்று பரிசோதனைக்கு ஓடுகிறோம். ஐஜிஎம் மறுபடியும் 'பாசிட்டிவ்' என்று வருகிறது, பயம் கூடுகிறது. அந்தப் புரதம் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். பழைய நோயின் தடம் அது. நானும் ஆறாவது வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து இதைத் தெரிந்துகொண்டேன்.

ஏழாவது வாரம் வாத நோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அதற்கு முன் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா இருக்கு, ஒண்ணுமில்லை, டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எலும்பு நன்றாகத்தான் இருந்திருக்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், சவ்வைக் காட்டாது. வலி இருக்கும் இடத்தைப் பார்க்காத படத்தை வைத்து வலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் வலிக்கு 'டென்ஷன்' என்று பெயர் வைப்பது எவ்வளவு சுலபம்.

இந்த மருத்துவர் பெண். என்னைவிட இளையவர். எக்ஸ்ரே உறையைத் திறக்காமலேயே கேட்டார்: "எப்படி வலிக்குதுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

தமிழ்ப் பேராசிரியையிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஆனால் வகுப்பில் எடுத்த சொல் எதுவும் வரவில்லை. என் அம்மா சொல்லும் சொற்கள்தான் வந்தன. காலையில் விரல் விறைச்சுக்கிடக்கு. ராத்திரி கை மரத்துப்போகுது. காலை ஊன்றினால் குதிகாலில் குத்துது. கட்டைவிரல் பக்கம் இழுக்குது. முட்டி ஓயாமல் உளையுது.

அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார். நான் ஒரே வலி என்று நினைத்துக்கொண்டிருந்தது ஐந்தாகப் பிரிந்தது.

விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். விரலை மடக்கிப் பால் பாக்கெட்டைப் பிரிக்க எனக்கு ஒன்றரை மணி நேரமாகும். எழுந்து ஐந்து பத்து நிமிடத்தில் விட்டுவிட்டால் அது தேய்மான வலியாக இருக்கலாம், அரைமணி ஒருமணி என்று நீண்டால் அழற்சி என்றார். இரவெல்லாம் அசையாமல் கிடக்கும்போது வீங்கிய சவ்வில் நீர் தேங்குகிறது. அழற்சியை அடக்க உடலே சுரக்கும் ஸ்டீராய்டு நள்ளிரவில்தான் மிகக் குறைவு. அதனால் விடியற்காலை அழற்சிக்கு வசதியான நேரம். பெண்களின் வேலைநாள் தொடங்குவதும் அப்போதுதான் என்று நான் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

இரவில் மரத்துப்போவது எந்தெந்த விரல் என்று கேட்டார். கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதி வரை, சுண்டுவிரல் இல்லை. மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகிய வழியாக நாண்களும் ஒரு நரம்பும் சேர்ந்து போகின்றன. நாண்களின் உறை வீங்கும்போது நரம்பு நசுங்குகிறது. அந்த நரம்புக்கு உரிய விரல்கள் மட்டும் மரத்துப்போகின்றன. அதற்கு மாத்திரையைவிட இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை உதவும் என்றார். அல்ட்ராசவுண்ட் கருவியை மணிக்கட்டில் வைத்து, நாணின் குறுக்கே கறுப்பாக ஒரு வளையம் தெரிவதைக் காட்டினார். உறைக்குள் தேங்கிய நீர். ஏழு வாரமாக யாரும் நம்பாத ஒன்று திரையில் கறுப்பாக அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாலு பேர்ல ஒருத்தரிலிருந்து பாதிப்பேர் வரைக்கும் மூணு மாசம் தாண்டியும் வலி இருக்குன்னு ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. நாற்பது நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல, பெண்கள், முதல் வாரத்துலயே கடுமையா வலிச்சவங்க, ஏற்கெனவே மூட்டு பழுதானவங்க, இவங்களுக்கு அதிகம். உங்களுக்கு மூணு பொருந்துது. பெரும்பாலும் குறைஞ்சுடும். ஆனா வாரக் கணக்கு இல்ல, மாசக் கணக்கு."

பெண்களுக்கு ஏன் அதிகம்? இதற்கு முழுப் பதில் மருத்துவத்தில் இன்னும் இல்லை. மற்ற வாத நோய்களும் பெண்களிடம் கூடுதல், எதிர்ப்பு சக்தியின் போக்கில் வேறுபாடு இருக்கிறது என்பது வரை சொல்கிறார்கள். நான் கூட்டிச் சொல்ல விரும்புவது வேறொன்று. ஓய்வெடுக்க வேண்டிய மூட்டு எது என்று பாருங்கள். முறுக்கிப் பிழிவது, தேங்காய் துருவுவது, சப்பாத்திக்குப் பிசைவது, குக்கர் மூடியைத் திருகுவது, குடத்தை இடுப்பில் ஏற்றுவது எல்லாம் மணிக்கட்டின் வேலை. உறை வீங்கியிருக்கும்போது முறுக்கும் வேலை அதை மறுபடி உரசிப் புண்ணாக்குகிறது. "ரெஸ்ட் எடுங்க" என்ற மருந்துச்சீட்டை நம் வீடுகளில் எந்தக் கடையில் கொடுத்து வாங்குவது?

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு ஐம்பது வயது. எனக்கு வந்த அதே வாரம் அவருக்கும் வந்தது. அவர் வீடு ஒரு தெரு தள்ளி. அங்கேயும் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், அதே டிரம்மில்தான் சேமிப்பு. பரிசோதிக்க வந்த சுகாதாரப் பணியாளர், பெண்கள் டிரம்மைக் கழுவுவதில்லை என்று திட்டிவிட்டுப் போனார். கழுவத்தான் வேண்டும். அந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் சுவரில் முட்டையை ஒட்டுகிறது. நீரைக் கொட்டினால் மட்டும் போகாது, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரம் ஒருமுறை நார் வைத்துச் சுவரைத் தேய்க்க வேண்டும். ஆனால் தினமும் தண்ணீர் வந்தால் டிரம்மே எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் உட்பட.

நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன். அக்கா ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். நான்கு வீட்டுச் சம்பளம். அவர் ஒரு சிறு கிளினிக்கில் காகித உறையில் பேரில்லாத மாத்திரைகள் வாங்கிச் சாப்பிட்டார். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. "டீச்சர், நீங்க பெரிய டாக்டர்கிட்ட போய் என்ன கண்டீங்க?" என்று சிரித்தார். மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாக வலி திரும்பியது. மறுபடி வாங்கினார். இரண்டு மாதம் இப்படியே. முகம் உப்பி வந்தது, அடிக்கடி தாகம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரை நான் போன மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உறையிலிருந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. சர்க்கரை 260. ஸ்டீராய்டு அழற்சியை வேகமாக அடக்கும், நச்சு ஒன்றுமில்லை. தேவைப்படும் சிலருக்குக் குறைந்த அளவில், குறுகிய காலம், படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள். எடுத்தவுடன் நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி பொங்கி எழும். வாரக்கணக்கில் சாப்பிட்டவருக்கு உடல் தானே சுரப்பதை மறந்துபோயிருக்கும், திடீரென நிறுத்துவது அதனால் ஆபத்து. அக்காவுக்கு மாத்திரையைப் பட்டென்று நிறுத்தாமல் வாரத்துக்கு வாரம் குறைத்தார்கள்.

அக்காவின் மணிக்கட்டு இரண்டும் நான்காம் மாதமும் வீங்கியே இருந்தன. மூன்று மாதம் தாண்டி வீக்கம் நீடித்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவின் மிச்சம் முடக்குவாதம் போலவே தோற்றம் தரும். சிலருக்கு உண்மையிலேயே முடக்குவாதம் இந்தக் காய்ச்சலுக்குப் பின் வெளிப்படலாம். அது எலும்பை அரிக்கும் நோய் என்பதால் விட்டுவிடக் கூடாது. ஆன்ட்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரிக்க உதவும். அக்காவுக்கு அது இல்லை என்று வந்தது. அப்படியும் வீக்கம் அடங்காததால் மெத்தோட்ரெக்சேட் தொடங்கினார்கள். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருப்பவரும் கருத்தரிக்க நினைப்பவரும் தொடக் கூடாது. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மருத்துவர் அட்டையின் மேல் பேனாவால் 'திங்கள்' என்று பெரிதாக எழுதினார். அக்காவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னார்.

எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. இரண்டு வாரம் நாப்ராக்சன், கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரை, இரவில் பட்டை. காலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து விரல்களை மெல்ல மடக்கி விரிப்பது. முழு ஓய்வும் கூடாது, அசையாத மூட்டு மேலும் விறைக்கும். வலிக்கு முன் நிறுத்திக்கொள்ளும் அளவு அசைவு, முறுக்காத வேலை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் வீட்டில் புரியவைத்தேன். கணவர் மாவு பிசையக் கற்றுக்கொண்டார், கொஞ்சம் சத்தத்தோடு. பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கவிதைகளைக் கைபேசியில் பேசிப் பதிவு செய்தேன். பேசியதை எழுத்தாக்கியபோது வரிகள் எல்லாம் நீளமாக இருந்தன, அடித்துத் திருத்தக் கை ஒத்துழைக்காததால் அப்படியே விட்டேன்.

ஐந்தாம் மாதம் கரும்பலகையில் ஒரு முழு வரி எழுதினேன். எட்டாம் மாதம் தாழ்ப்பாள் திரும்பியது. பதினோராம் மாதம் விறைப்பு பத்து நிமிடமாகச் சுருங்கியது. அக்காவுக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. இப்போது மாத்திரை இல்லை, சர்க்கரைக்கு மட்டும் சாப்பிடுகிறார்.

அத்தையின் நூல்புடவைகளை இப்போது யாரும் பிழிவதில்லை. அலசி, வாளியின் விளிம்பில் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் கொடியில் போடுகிறோம். காய மறுநாள் சாயங்காலம் ஆகிவிடுகிறது. "ஈரமாவே இருக்கேம்மா" என்று அத்தை முதலில் முணுமுணுத்தார். போன ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் விட்டுவிட்டது. ஐந்தாம் நாள் காலை விரல்களை மடக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். நான் வெந்நீர் வைக்கப் போனேன்.